இல்லாத மயிர் தோன்றும், இருக்கும் மயிர் மறையும்: பூச்சிப் படங்களைத் துல்லியமாக்கும் ‘ஃபோகஸ் ஸ்டாக்கிங்’ செயல்படும் விதம்

புதிய எறும்பு, சிலந்தி அல்லது வண்டு இனம் கண்டறியப்பட்டதாகச் செய்தி வெளியாகும்போதெல்லாம் அதனுடன் ஒரு படமும் வருகிறது. சில மில்லிமீட்டர் அளவே உள்ள அந்த உயிரினத்தின் தாடை நுனி முதல் தலையின் பின்விளிம்பு வரை ஒவ்வொரு மயிரும் கூர்மையாகத் தெரியும். எந்தக் கேமராவாலும் ஒரே சொடுக்கில் அப்படியொரு படத்தை எடுக்க முடியாது. குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுக்கப்பட்ட பல பத்துப் படங்களில் இருந்து, கூர்மையாக உள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்துக் கணினி ஒன்றாக இணைத்த படம் அது. இந்த முறைக்கு ‘ஃபோகஸ் ஸ்டாக்கிங்’ என்று பெயர். தமிழில் இதைக் குவிய அடுக்கல் எனலாம்.

பூச்சிகளை வகைப்படுத்தும் ஆய்வாளர்களுக்கு இது அழகுக்கான உத்தி அல்ல. ஓர் எறும்பு எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை, அதன் உணர்கொம்பில் நிமிர்ந்த மயிர்கள் இருக்கின்றனவா, இல்லையா என்ற ஒரே கேள்வி தீர்மானிக்கும் சூழல்கள் உண்டு. அப்படிப்பட்ட நிலையில், படத்தை இணைக்கும் மென்பொருள் ஒரு மயிரை விழுங்கிவிட்டாலோ, ஒன்றை இரண்டாகக் காட்டிவிட்டாலோ முடிவே மாறிவிடக்கூடும்.

படத்தை நம்பியிருக்கும் ஆய்வு

ஓர் உயிரினத்துக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டப்படும்போது, அந்தப் பெயருக்கு ஆதாரமாக ஒரு மாதிரி உயிரி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இதுவே ‘மூல மாதிரி’ எனப்படுகிறது. பிற்காலத்தில் எவரேனும் அதே பெயரை ஓர் உயிரினத்துக்குப் பயன்படுத்த வேண்டுமெனில், இந்த மூல மாதிரியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே உறுதியான வழி.

இந்திய எறும்புகளைப் பொறுத்தவரை இதில் ஒரு சிக்கல் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஏராளமான இந்திய எறும்புகளுக்குப் பெயரிட்டவர் சுவிட்சர்லாந்து அறிஞர் அகஸ்டே ஃபோரெல். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய வனத்துறை அதிகாரி ராட்டன் போன்றோர் அனுப்பிவைத்த எறும்புகளை அவர் ஆராய்ந்தார். அவரது சேகரிப்பு ஜெனீவாவில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேறு பல மூல மாதிரிகள் லண்டனில் உள்ளன. நூறாண்டுக்கும் மேல் பழமையான, உலர்ந்து நொறுங்கும் நிலையில் உள்ள ஓர் எறும்பை அஞ்சலில் அனுப்பிவைப்பதில் இழப்பு அபாயம் அதிகம்.

எனவே கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வு மையத்திலோ, பெங்களூரு ஆய்வகங்களிலோ பணியாற்றும் ஒருவர், தம் கையில் உள்ள எறும்பை ஜெனீவா மாதிரியுடன் ஒப்பிட வேண்டுமெனில், பெரும்பாலும் முதலில் பார்ப்பது ‘ஆன்ட்வெப்’ என்ற இணையக் களஞ்சியத்தையே. கலிஃபோர்னியா அறிவியல் கழகம் நடத்தும் இந்தத் தளத்தில், ஒவ்வொரு மாதிரிக்கும் தலையின் நேர்த்தோற்றம், உடலின் பக்கவாட்டுத் தோற்றம், மேற்புறத் தோற்றம் ஆகிய மூன்று படங்களும், மாதிரியுடன் குத்தப்பட்டுள்ள சீட்டின் படமும் வழக்கமாக இடம்பெறுகின்றன. எறும்பின் அந்த மூன்று படங்களும் குவிய அடுக்கல் முறையில் உருவானவை.

ஒரே படத்தில் ஏன் முடியாது?

கேமரா எந்தத் தொலைவில் குவியம் கொள்கிறதோ, அந்தத் தளத்துக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் உள்ள பகுதி மட்டுமே கூர்மையாகத் தெரியும். இந்த இடைவெளியே குவிய ஆழம். சாலையில் நிற்கும் மனிதரைப் படம் எடுக்கும்போது அது மீட்டர் கணக்கில் இருக்கும். பொருளை அதன் உண்மையான அளவிலேயே கேமராவின் உணரியில் பதியச் செய்யும் மேக்ரோ லென்ஸில், எஃப்/8 துளையில், அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. நான்கு மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி லென்ஸைக் கேமராவில் பொருத்தினால், ஆழம் சுமார் 0.055 மில்லிமீட்டர் மட்டுமே. இது மெல்லிய தலைமுடி ஒன்றின் தடிமனை ஒத்தது.

லென்ஸின் துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும் என்பது புகைப்படம் எடுப்போர் அனைவரும் அறிந்ததே. ஆனால் நெருக்கப் படத்தில் அந்த வழி விரைவிலேயே அடைபட்டுவிடுகிறது. மிகச் சிறிய துளை வழியே செல்லும் ஒளி, விளிம்பு விளைவின் காரணமாகப் பரவிவிடும். நான்கு மடங்கு உருப்பெருக்கத்தில் லென்ஸை எஃப்/16 வரை சுருக்கினால், அது நடைமுறையில் எஃப்/80 துளைபோல் செயல்படுகிறது. அப்போது ஓர் ஒளிப்புள்ளி உணரியின் மீது 0.1 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. 24 மெகாபிக்சல் கொண்ட நடுத்தரக் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.004 மில்லிமீட்டர்தான். அதாவது, ஒரே பிக்சலில் பதிய வேண்டிய விவரம் இருபத்தைந்து பிக்சல்களுக்கு மேல் கலங்கிப்போகிறது. இவ்வளவு இழந்தும் கிடைக்கும் ஆழம் 0.3 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை.

ஆகவே, துளையைத் திறந்தே வைத்துக்கொண்டு, கூர்மையான மெல்லிய சீவல்களாகப் படம் எடுத்துப் பின்னர் அவற்றை ஒன்று சேர்ப்பதே எஞ்சியுள்ள வழி.

ஒரு கட்டெறும்பின் தலை: 60 படங்கள்

கட்டெறும்பு அடங்கிய கம்போனோட்டஸ் பேரினத்தில் உலகம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இப்பேரினத்தில் இனங்களைப் பிரித்தறிய, உணர்கொம்பின் நீண்ட முதற்கண்டத்திலும் கால்களிலும் உள்ள நிமிர்ந்த மயிர்கள் முக்கியமான அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. எனவே, ஒரு கட்டெறும்பின் தலையை நேர்த்தோற்றத்தில் படம் எடுப்பதையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தலையின் அகலம் 3 மில்லிமீட்டர் என்றும், கேமராவுக்கு மிக அருகில் உள்ள உணர்கொம்பில் இருந்து தலையின் பின்விளிம்பு வரையிலான ஆழம் 2 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு மடங்கு லென்ஸின் குவிய ஆழம் 0.055 மில்லிமீட்டர். அடுத்தடுத்த இரு படங்களின் கூர்மையான பகுதிகள் ஓரளவு ஒன்றின் மீது ஒன்று படிய வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் 0.055 அல்லாமல் 0.04 மில்லிமீட்டர் மட்டுமே கேமரா நகர்த்தப்படுகிறது. 2 மில்லிமீட்டரை 0.04-ஆல் வகுத்தால் 50. தொடக்கத்திலும் முடிவிலும் பாதுகாப்புக்காக ஐந்து படங்களைக் கூட்டினால் மொத்தம் 60.

இவ்வளவு நுண்ணிய நகர்வைக் கையால் செய்வது கடினம். கணினி அல்லது சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி மூலம் இயங்கும், மோட்டார் பொருத்திய தண்டவாளம் ஒன்றின் மீது கேமரா அமர்த்தப்படுகிறது. தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, நகர்வு அளவு ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்துவிட்டால், தண்டவாளம் தானாகவே நகர்ந்து, நின்று, படம் எடுக்கும். அண்மைக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில், லென்ஸின் குவியத்தையே படிப்படியாக மாற்றி வரிசையாகப் படம் எடுக்கும் வசதி உள்ளது. உண்மை அளவு வரையிலான படங்களுக்கு அந்த வசதியே போதுமானது. அதற்கு மேற்பட்ட உருப்பெருக்கத்தில்தான் தண்டவாளம் தேவைப்படுகிறது.

படம் எடுக்கும் ஐந்து நிமிடங்களில் மாதிரி அசையாமல் இருப்பதே மிகப் பெரிய சவால். எறும்பு முக்கோண வடிவ அட்டைத் துண்டின் நுனியில் பசையால் ஒட்டப்பட்டு, அந்த அட்டை ஓர் ஊசியில் குத்தப்பட்டிருக்கும். பசை முழுமையாகக் காயாமல் இருந்தாலோ, சாராயத்தில் இருந்து எடுத்த மாதிரி இன்னும் உலர்ந்துகொண்டிருந்தாலோ, படப்பிடிப்பின் நடுவே உணர்கொம்பு மெல்லத் திரும்பும். கண்ணுக்குத் தெரியாத இந்த நகர்வு, 0.04 மில்லிமீட்டர் கணக்கில் இயங்கும் பணியில் பெரும் பிழையாகும். மின்விசிறியையும் குளிர்சாதனக் காற்றையும் நிறுத்திவிட்டே படம் எடுப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னரும் அதிர்வு அடங்குவதற்கு இரண்டு அல்லது மூன்று விநாடிகள் இடைவெளி விடப்படுகிறது. கேமராவின் சொந்த ஷட்டர் அதிர்வைத் தவிர்க்க மின்னணு ஷட்டர் பயன்படுத்தப்படுகிறது.

ஒளியமைப்பும் இதே அளவுக்கு முக்கியம். எறும்பின் மேற்புறம் மெருகேற்றிய கருங்கல்லைப்போல் பளபளக்கக் கூடியது. நேரடி விளக்கொளி பட்டால் வெள்ளைத் திட்டுகள் தோன்றி, அவற்றுக்குள் உள்ள மயிர்கள் மறைந்துவிடும். எனவே மெல்லிய டிரேசிங் தாளை உருளையாகச் சுருட்டி, மாதிரியைச் சுற்றிக் கூடாரம்போல் வைத்து, வெளியில் இருந்து விளக்கொளி செலுத்தப்படுகிறது. பளபளப்பில் மற்றொரு நுட்பமான சிக்கலும் உண்டு. வளைந்த பரப்பில் தெரியும் விளக்கின் பிரதிபலிப்பு, அந்தப் பரப்பின் மீது அல்லாமல் அதற்குச் சற்றுப் பின்னால் குவியம் கொள்கிறது. பரப்பின் நுண்வரிகளை விடப் பிரதிபலிப்பின் விளிம்பு கூடுதல் வேறுபாட்டுடன் இருந்தால், மென்பொருள் அதையே ‘கூர்மையான பகுதி’ என்று தேர்ந்தெடுத்துவிடும். பரவிய ஒளி இந்தத் தவறையும் குறைக்கிறது.

மென்பொருள் செய்வது என்ன?

எடுக்கப்பட்ட 60 படங்களும் எடுத்த வரிசை மாறாமல் மென்பொருளில் சேர்க்கப்படுகின்றன. செரீன் ஸ்டாக்கர், ஹீலிகான் ஃபோகஸ் ஆகியவை இப்பணிக்கென்றே உருவாக்கப்பட்டவை. அடோபி ஃபோட்டோஷாப்பிலும் இந்த வசதி உள்ளது.

முதல் கட்டம் படங்களை ஒன்றோடொன்று பொருத்துவது. கேமரா நகரும்போது பொருளின் தோற்ற அளவும் இடமும் படத்துக்குப் படம் சற்று மாறும். மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் சிறிது பெரிதாக்கியோ, சுருக்கியோ, நகர்த்தியோ, திருப்பியோ முந்தைய படத்துடன் இசைய வைக்கிறது. இதனால் படத்தின் ஓரங்களில் சிறு பகுதி பயனற்றுப் போகும் என்பதால், தேவையானதை விடச் சற்று அகலமாகப் படம் எடுப்பது வழக்கம்.

இரண்டாம் கட்டமே இதன் உயிர்நாடி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், 60 படங்களில் எதில் அந்த இடம் மிகக் கூர்மையாக உள்ளது என்று மென்பொருள் தேடுகிறது. கூர்மை என்பதைக் கணினி நேரடியாக அறியாது. அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டைத்தான் அது அளக்கிறது. குவியத்தில் உள்ள மயிர் கருமையும் வெண்மையும் சட்டென மாறும் கோடாகத் தெரியும். குவியம் தவறினால் அந்த வேறுபாடு மங்கிவிடும். வேறுபாடு மிகுந்த படமே அந்தப் புள்ளிக்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது.

இந்தத் தேர்வை நிகழ்த்துவதில் இரு முக்கிய முறைகள் உள்ளன. செரீன் ஸ்டாக்கரில் அவை DMap, PMax என்று குறிக்கப்படுகின்றன.

DMap முறையில், எந்தப் புள்ளிக்கு எந்தப் படம் என்பதைக் காட்டும் ஓர் ஆழ வரைபடம் முதலில் உருவாக்கப்படுகிறது. பின்னர் அந்தந்தப் படத்தில் இருந்து பிக்சல்கள் எடுக்கப்படுகின்றன. ஆழம் ஓரிடத்தில் இருந்து அடுத்த இடத்துக்குச் சீராகவே மாறும் என்ற அனுமானத்தில் இது இயங்குகிறது. எறும்பின் நெற்றி, கன்னம் போன்ற தொடர்ச்சியான பரப்புகளில் நிறமும் நுண்வரிகளும் இயல்பாகக் கிடைக்கின்றன. ஆனால் பரப்பில் இருந்து தனித்து எழும் மயிர்களிடம் அந்த அனுமானம் பொய்த்துப்போகிறது. மயிருக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஆழம் திடீரெனத் தாவுவதால், மயிர் பாதியில் அறுந்ததுபோல் தெரியலாம் அல்லது முற்றிலும் காணாமல் போகலாம்.

PMax முறை ஒவ்வொரு படத்தையும் பெரிய விவரங்கள், சிறிய விவரங்கள், மிக நுண்ணிய விவரங்கள் எனப் பல அடுக்குகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் வலுவான விவரத்தை மட்டும் எடுத்து, எல்லாவற்றையும் மீண்டும் கூட்டிப் படமாக்குகிறது. ஒன்றை ஒன்று குறுக்கிடும் மெல்லிய மயிர்கள்கூட இதில் தப்பிப் பிழைக்கின்றன. ஆனால் வலுவானதையே தேர்ந்தெடுக்கும் இம்முறைக்கு, உணரியின் மின்னணு இரைச்சலும் விவரமாகவே தெரிகிறது. எனவே படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் கூடுகின்றன. வெளிச்ச வேறுபாடு இயல்பை மீறுகிறது. நிறமும் சற்றுப் பிறழ்கிறது.

எனவே இரண்டில் ஒன்று சிறந்தது என்று கூற இயலாது. பரப்புக்கு ஒன்றும் மயிர்களுக்கு மற்றொன்றும் உகந்தவை. அனுபவம் மிக்கவர்கள் இரு முறைகளிலும் படத்தை உருவாக்கி, DMap படத்தை அடிப்படையாகக் கொண்டு, மயிர்கள் உள்ள இடங்களில் மட்டும் PMax படத்தில் இருந்து விவரங்களைத் தூரிகைக் கருவியால் கொண்டுவருகின்றனர்.

படம் பொய் சொல்லும் இடங்கள்

இணைக்கப்பட்ட படத்தை ஆதாரமாகக் கொள்வதற்கு முன் நான்கு வகைப் பிழைகளைத் தேடிப் பார்க்க வேண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணமும் அடையாளமும் உள்ளன.

முதலாவது, பட்டைகள். நகர்வு அளவு குவிய ஆழத்தை விட அதிகமாக இருந்தால், இரு படங்களுக்கு இடையே எதிலும் கூர்மையாகப் பதியாத ஒரு சீவல் விடுபட்டுவிடும். எறும்பின் வளைந்த தலையில், கூர்மையான வளையமும் மங்கலான வளையமும் மாறி மாறி, வரைபடத்தில் மலையின் உயரக்கோடுகளைப்போல் தெரியும். இதற்கு மென்பொருளில் தீர்வு கிடையாது. நகர்வைக் குறைத்து மீண்டும் படம் எடுப்பதே வழி.

இரண்டாவது, ஒளிவட்டம். முன்னால் நீட்டியிருக்கும் மயிருக்குப் பின்னே 1 மில்லிமீட்டர் தொலைவில் கன்னப் பரப்பு இருப்பதாகக் கொள்வோம். கேமரா கன்னத்தில் குவியம் கொள்ளும்போது, 0.02 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட அந்த மயிர், நான்கு மடங்கு லென்ஸில், ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள மங்கலான பட்டையாக விரிந்து கன்னத்தின் மீது படர்கிறது. மயிரின் இருபுறமும் உள்ள கன்னத்தின் தெளிவான தோற்றம், 60 படங்களில் எந்த ஒன்றிலும் இல்லை. இல்லாத விவரத்தை மென்பொருளால் தர முடியாது என்பதால், அங்கே ஒரு மங்கலான வட்டம் எஞ்சுகிறது. ஒற்றை மயிர் மிக மெல்லியது என்பதால் அதன் பின்னால் உள்ள ஒளி பெருமளவு கசிந்துவிடுகிறது. ஆனால் முகத்துக்கு முன்னே தூக்கி நிற்கும் உணர்கொம்பு அதைப்போல் பத்து மடங்கு தடிமனானது. அதன் இருபுறமும் உள்ள பரப்பில் குழிகள், மயிர்கள் எவையும் இல்லை என்று படத்தைப் பார்த்து முடிவு செய்தால் அது தவறாகலாம். தேர்ந்த ஆய்வாளர்கள் மாதிரியை ஒட்டும்போதே உணர்கொம்புகளை முகத்தைவிட்டு விலக்கி வைப்பது இதனால்தான்.

மூன்றாவது, இரட்டை மயிர். படப்பிடிப்பின் நடுவே மாதிரி அசைந்தாலோ, பொருத்தும் கட்டத்தில் மென்பொருள் தவறினாலோ ஒரே மயிர் இரு இடங்களில் பதியும். எண்ணிக்கையே அடையாளமாக உள்ள இனங்களில் இது மிகவும் ஆபத்தானது. இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. உண்மையான மயிர் ஒவ்வொன்றும் மேற்புறத்தில் உள்ள சிறு குழியில் இருந்து முளைத்திருக்கும். ஒரே வளைவுடன், ஒரே நீளத்தில், அருகருகே இணையாகச் செல்லும் இரு மயிர்களில் ஒன்றுக்கு வேர்க்குழி இல்லையெனில், அது பெரும்பாலும் நிழல் மயிரே. அருகில் உள்ள நுண்வரிகளும் அதே திசையில், அதே அளவுக்கு இரட்டித்திருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

நான்காவது, தூசித் தடம். உணரியில் ஒட்டியுள்ள ஒரு தூசி, 60 படங்களிலும் ஒரே இடத்தில் பதிகிறது. பொருத்தும் கட்டத்தில் படங்கள் சுருக்கப்பட்டும் நகர்த்தப்பட்டும் விடுவதால், அந்தப் புள்ளி இடம் மாறி மாறி வரிசையாக நின்று ஒரு கோடாகிவிடுகிறது. படத்தின் ஓரங்களில் இந்தக் கோடுகள் மெல்லிய வெளிர் மயிர்களைப்போலவே தோன்றும். அவை அனைத்தும் படத்தின் மையத்தை நோக்கிச் செல்வதே அவற்றைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். உயிரினத்தின் மயிர்கள் படத்தின் மையத்தை அறியா.

மூலப் படங்களே சாட்சி

இந்தப் பிழைகளில் பலவற்றைக் கையால் திருத்த முடியும். மென்பொருளின் தூரிகைக் கருவி மூலம், இணைக்கப்பட்ட படத்தின் குறிப்பிட்ட இடத்தில், 60 மூலப் படங்களில் ஏதேனும் ஒன்றில் இருந்து பிக்சல்களை வரவழைக்கலாம். சான்றாக, இரட்டை மயிர் தெரியும் இடத்தில் அந்த மயிர் கூர்மையாக உள்ள 23-ஆவது படத்தை மட்டும் திறந்து, அதில் இருந்து அந்த ஒரு பகுதியை நிரப்பலாம். ஒளிவட்டம் அதிகமாக இருந்தால், 60 படங்களையும் மொத்தமாக இணைக்காமல், பத்துப் பத்தாகச் சிறு கட்டுகளாக முதலில் இணைத்து, பின்னர் அந்தக் கட்டுகளை இணைப்பது திருத்தும் வேலையைச் சுலபமாக்குகிறது.

இங்கேதான் அலங்காரப் படத்துக்கும் ஆதாரப் படத்துக்கும் வேறுபாடு பிறக்கிறது. மூலப் படம் ஒன்றில் பதிந்துள்ள விவரத்தை அதற்குரிய இடத்தில் சேர்ப்பது திருத்தம். அருகில் உள்ள பரப்பை நகலெடுத்து ஒளிவட்டத்தை மூடுவது, மூலப் படம் எதிலும் இல்லாத ஒன்றை உருவாக்குவதாகும். அட்டைப்படத்துக்கு அது பொருந்தலாம். இனத்தை அடையாளம் காணப் பயன்படும் படத்தில் அதற்கு இடமில்லை.

ஒரு படத்தின் மீது ஐயம் எழும்போது, அதைத் தீர்க்கக்கூடியவை இணைக்கப்படாத மூலப் படங்களே. மயிர் உண்மையானது எனில், 60 படங்களை வரிசையாக ஓடவிடும்போது, அது அடிப்பகுதியில் இருந்து நுனி வரை படிப்படியாகக் கூர்மைபெற்று மங்குவதைக் காணலாம். நிழல் மயிர் அப்படி நகராது. செயலாக்கம் செய்யப்படாத 60 மூலப் படங்களின் மொத்த அளவு ஒன்றரை முதல் இரண்டு ஜிபி. ஒரு மாதிரிக்கு மூன்று தோற்றங்கள் என்றால் ஏறத்தாழ ஐந்து ஜிபி. ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கொண்ட சேகரிப்பில் இது பெரும் சுமை என்பதால், இணைத்து முடித்ததும் மூலப் படங்களை அழித்துவிடும் எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் அவற்றை அழித்துவிட்டால், பின்னாளில் அந்த மயிரைப் பற்றிக் கேள்வி எழும்போது பதில் சொல்ல எதுவும் எஞ்சாது. இடம் போதாத நிலையில், மூல மாதிரிகளின் படங்களையாவது முழுமையாகப் பாதுகாப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி.

அளவெடுக்க உகந்ததல்ல

இணைக்கப்பட்ட படத்தின் மூலையில் 0.5 மில்லிமீட்டர் அல்லது 1 மில்லிமீட்டர் என்று ஓர் அளவுகோல் கோடு வரையப்பட்டிருக்கும். ஆனால் பொருத்தும் கட்டத்தில் படங்கள் வெவ்வேறு விகிதத்தில் பெரிதாக்கப்பட்டோ, சுருக்கப்பட்டோ உள்ளதால், அந்தக் கோடு ஒரு குறிப்பிட்ட தளத்துக்கு மட்டுமே சரியாகப் பொருந்தும். முன்னே உள்ள தாடைக்கும் பின்னே உள்ள தலை விளிம்புக்கும் அதே கோட்டைக் கொண்டு அளவெடுத்தால் சிறு பிழை நேரும். கேமராவை நோக்கிச் சாய்ந்துள்ள உணர்கொம்பு, அதன் உண்மையான நீளத்தை விடக் குறைவாகவே தெரியும். எறும்பின் தலை அகலம், உணர்கொம்பின் நீளம் போன்றவற்றை, மாதிரியை நுண்ணோக்கியின் கீழ் உரிய கோணத்தில் திருப்பி வைத்து நேரடியாக அளப்பதே முறையானது.

படத்தில் தெரியாத பக்கத்தைப் படம் காட்டாது என்பதும் இம்முறையின் எல்லையே. ஜெனீவாவில் நூறாண்டுகளுக்கு முன் ஒட்டப்பட்ட எறும்பின் ஒரு கால் அட்டைக்குப் பின்னால் மடிந்திருந்தால், எத்தனை நூறு படங்களை அடுக்கினாலும் அந்தக் காலில் உள்ள மயிர்களை எண்ண முடியாது. அத்தகைய நிலையில், அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மாதிரியைத் திருப்பி வைத்து மீண்டும் படம் எடுத்துத் தர வேண்டும். இல்லையெனில் ஆய்வாளர் நேரில் செல்ல வேண்டும்.

கூர்மை என்பது, மென்பொருள் எடுத்த ஆயிரக்கணக்கான சிறு முடிவுகளின் தொகுப்பு. ஒரு மயிரின் இருப்பைக் கொண்டு புதிய இனம் என்று அறிவிக்கும் முன், அந்த மயிர் எத்தனையாவது படத்தில் இருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்க முடிந்தால் மட்டுமே, அந்தப் படம் ஆதாரமாகிறது.